தலைப்பில் ஒரு மிளகாய் போதும்

யூடியூபில் ஒரே சமையலுக்கு இரண்டு தலைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது: “🔥😱🤤 இப்படி ஒரு குழம்பா!! செம்ம டேஸ்ட் 🔥 நெத்திலி மீன் குழம்பு”. இரண்டாவது: “நெத்திலி மீன் குழம்பு, மாங்காய் போட்டு, மண்சட்டியில் 🌶️”. முதல் தலைப்புக்குத்தான் கிளிக் அதிகம் விழும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். போன் திரையில் தலைப்பு இரண்டு வரிக்கு மேல் போனால், மிச்சத்தை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுவார்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை; சீக்கிரமே வரி நிறைந்துவிடும். யூடியூப் ஒரு தலைப்புக்குத் தரும் 100 எழுத்து வரம்பிலும் நமக்குக் கை கொஞ்சம் இறுக்கம்தான். ‘குழம்பு’ நம் கண்ணுக்கு நான்கெழுத்து. துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது ஏழு. இந்த நெருக்கடியில் முன்வரிசையை மூன்று எமோஜிகளுக்குக் கொடுத்தால், வெட்டுப்படுவது மீனின் பெயர். நெத்திலி வாங்கி வைத்துவிட்டு, எப்படி வைப்பது என்று தேடுகிறவர் அந்தப் பெயரைத்தான் கண்ணால் துழாவுகிறார்.

அடுத்தது பொருள். மிளகாய்ப் படம் காரத்தைச் சொல்கிறது, அதில் குழப்பமில்லை. முகங்கள் அப்படியல்ல. ஒரே எமோஜி ஒவ்வொரு கம்பெனி போனிலும் வெவ்வேறு விதமாக வரையப்பட்டிருக்கும். 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அச்சு அசலாக ஒரே படத்தைப் பார்த்தவர்களே, அது மகிழ்ச்சியா, வருத்தமா, இரண்டுமில்லையா என்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை ஒத்துப்போகவில்லை. அதனால்தான் பொருள்களின் எமோஜியை வைத்துக்கொள்ளலாம், முகங்களைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறேன்.

மூன்றாவது, காதால் படிப்பவர்கள். பார்வையற்றவர்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வசதியை வைத்துக்கொள்கிறார்கள். அது திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும். எமோஜி வந்தால் அதன் பெயரையும் சொல்லும். முதல் தலைப்பில் தீ, அலறும் முகம், எச்சில் ஊறும் முகம் என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் சமையலுக்கே வர முடியும். வீடியோவுக்குக் கீழே தரும் விவரக் குறிப்பில் இது இன்னும் மோசம். பதினைந்து பொருள்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொன்றின் முன்னும் பச்சை ‘டிக்’ போட்டால், அந்தப் பெயரைப் பதினைந்து முறை கேட்டாக வேண்டும். வரிக்கு ஒரு பொருள் என்று எழுதினாலே பட்டியல் தெளிவாகத்தான் இருக்கும்.

சரி, கிளிக்? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வீடியோ வெளியான இரண்டாம் நாள் எமோஜி சேர்க்கிறார்கள், கிளிக் விகிதம் மாறுகிறது, காரணம் எமோஜி என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் முதல் சில மணி நேரத்தில் வீடியோவைப் பார்ப்பது சேனலை ஏற்கெனவே விரும்புகிறவர்கள். பிறகு யூடியூப் அதை அறிமுகமில்லாதவர்களிடமும் காட்டும்போது விகிதம் தானாகவே இறங்கும். தலைப்பில் கை வைக்காவிட்டாலும் இறங்கும்.

இரண்டு தலைப்புகளையும் ஒரே சமயத்தில் காட்டினாலும் எண்ணிக்கை போதுமா என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, ஒவ்வொரு தலைப்பும் 4,000 முறை காட்டப்படுகிறது. எமோஜி இல்லாததற்கு 200 கிளிக், உள்ளதற்கு 220. அதாவது 5 சதவீதம், 5.5 சதவீதம். ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் ஒரே தலைப்பையே இரண்டு கூட்டத்துக்குக் காட்டியிருந்தாலும் இருபது கிளிக் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். இரண்டு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 420க்குச் சுமார் 20 வருகிறது. தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதற்கு அது தோராயமான அளவு. வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்கையாவது தாண்டினால்தான் நம்பலாம். இதே விகிதங்கள் 40,000 முறை காட்டிய பிறகும் நின்றால் 2,000க்கும் 2,200க்கும் இடையே 200 வித்தியாசம். தற்செயல் ஆட்டமோ 65 அளவுதான். அப்போது எமோஜிக்கு மாலை போடலாம்.

அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அலறும் முகத்தைப் பார்த்து உள்ளே வந்தவர், நெத்திலி என்று தெரிந்ததும் பத்து விநாடியில் வெளியேறினால் அந்தக் கிளிக்கால் சேனலுக்கு என்ன பயன்? யூடியூப் தருகிற ஒப்பீட்டுச் சோதனை வசதியும் கிளிக்கை வைத்து வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. எதன் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதையே அது கணக்கில் எடுக்கிறது. சேனல் நடத்துகிறவர்கள் எமோஜி உள்ள தலைப்பையும் இல்லாத தலைப்பையும் அதில் போட்டு, எதற்குப் பார்வை நேரம் அதிகம் என்று படிக்க வேண்டும்.