ஒரே படிவத்தில் மூன்று மொழிகள்

இலங்கையில் கொடுக்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் நினைவிருக்கும். கட்டங்களின் தலைப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் அச்சாகியிருக்கும். கட்டத்துக்குள் பதிவாளர் தமக்குத் தெரிந்த ஒரு மொழியில் கையால் நிரப்பியிருப்பார். பிறப்பை அறிவித்தவரின் கையெழுத்து வேறொரு மொழியில் இருக்கலாம். ஓரத்திலோ பின்பக்கத்திலோ பின்னாளில் சேர்த்த குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். நகல் எடுத்துத் தந்த அலுவலகத்தின் முத்திரையில் மூன்று மொழிகளும் இருக்கும்.

இந்தக் கலப்புக்கு நாட்டின் வரலாறே காரணம். பழைய பதிவுகள் பல ஆங்கிலத்தில் உள்ளன. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1987-இல் வந்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. அதனால் ஒரே குடும்பத்தில் தாத்தாவின் சான்றிதழ் ஆங்கிலத்திலும், யாழ்ப்பாணத்தில் பிறந்த மகனுடையது தமிழிலும், கொழும்பில் பிறந்த மகளுடையது சிங்களத்திலும் இருப்பது இயல்பு. குடியேற்றத்துக்கோ குடியுரிமைக்கோ இவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் தாளைப் பிரித்தல்

இந்த வேலையில் பழகிய மொழிபெயர்ப்பாளர் உடனே எழுத உட்காருவதில்லை. சான்றிதழின் நகலில், அச்சிட்டது, பதிவாளர் எழுதியது, கையெழுத்து, முத்திரை, பின்னாளில் சேர்த்தது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார். ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்த மொழி என்று எழுதுவார். எந்தச் சொல்லை யார் எழுதினார்கள் என்பது தெரிந்தால்தான் பின்னால் வரும் குழப்பங்களைத் தீர்க்க முடியும்.

இரு மொழித் தலைப்புகள் ஒரே பொருளைச் சொன்னால் ஒருமுறை பெயர்த்தால் போதும். படிவம் இரு மொழியில் அச்சாகியிருப்பதை மேலே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் முத்திரை, கையெழுத்து, ஓரக்குறிப்பு ஆகிய எதையும் விடக்கூடாது. அமெரிக்கக் குடிவரவு விதி முழுமையான மொழிபெயர்ப்பையே கேட்கிறது. அது முழுமையானது, சரியானது என்றும், பெயர்க்கும் தகுதி தமக்கு உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளர் உறுதியளிக்க வேண்டும். பதிவாளர் ஒரு கட்டத்தில் கோடு மட்டும் போட்டிருந்தால் ‘கோடு’ என்றே சதுர அடைப்புக்குள் குறிப்பார்கள். ‘இல்லை’ என்று எழுதினால், பதிவாளர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். வாசிக்க முடியாத இடத்தையும் அப்படியே சொல்ல வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

இன்னோர் எல்லையும் உண்டு. இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் நியமனம் குறிப்பிட்ட மொழிகளுக்கு உரியது. தமிழும் ஆங்கிலமும் மட்டும் அறிந்தவர் சிங்களக் குறிப்புக்குச் சான்றளிக்க முடியாது. சிங்களப் பகுதியை நண்பர் ஒருவர் தமிழில் சொல்ல, அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது மிகவும் ஆபத்தானது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தத்தம் பகுதியைப் பெயர்த்து, எது யாருடையது என்று தெரியும்படி தனித்தனியே ஒப்பமிடுவதே சரி.

ஒரு அண்ணனும் தங்கையும்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை பருத்தித்துறையில் பிறந்தவர், பெயர் கணேசலிங்கம். மகன் அங்கேயே பிறந்தார். அவருடைய சான்றிதழ் தமிழில் இருக்கிறது. மகள் கொழும்பில் பிறந்தார்; அங்கிருந்த பதிவாளர் சிங்களத்தில் நிரப்பினார். அண்ணனும் தங்கையும் உடன்பிறந்தவர்கள் என்பதை இந்த இரு சான்றிதழ்களைக் கொண்டே காட்ட வேண்டும்.

தந்தை பிறந்த இடம் மகனின் சான்றிதழில் ‘பருத்தித்துறை’ என்றிருக்கிறது. மகளுடையதில் அதே ஊர் ‘பேதுருதுடுவ’ என்ற சிங்களப் பெயரில் இருக்கிறது. இரண்டையும் ஒலிப்படி ஆங்கிலத்தில் எழுதினால், தந்தை இரண்டு வெவ்வேறு ஊர்களில் பிறந்தவராகத் தோன்றுவார். வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டும் ஒரே ஊர் என்று தெரிய வாய்ப்பில்லை. அந்த ஊருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அதிகாரப் பெயர் பாயின்ட் பீட்ரோ. இரு மொழிபெயர்ப்பிலும் அதுவே வர வேண்டும். மூலத்தில் இருந்த வடிவத்தை அடிக்குறிப்பில் தரலாம். யாழ்ப்பாணம் சிங்களத்தில் ‘யாபனய’, மட்டக்களப்பு ‘மடகலபுவ’. சிங்கள வேற்றுமை உருபு சேர்ந்து ‘யாபனயே’ என்று வந்தால் அதற்கு ‘யாழ்ப்பாணத்தில்’ என்று பொருள். அந்த ஈற்றையும் ஊர்ப்பெயரின் பகுதியாக எழுதிவிட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் ஒன்று பிறந்துவிடும்.

அடுத்தது தந்தையின் பெயர். தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கும் உரியது. சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளதால் பதிவாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர் காதில் விழுந்தபடி மென்மையான ஒலிக்குரிய எழுத்தைப் போட்டார். அதை ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஜி’யில் தொடங்கும். மகனின் சான்றிதழைப் பெயர்த்தவரோ தமிழ் எழுத்தைப் பார்த்து ‘கே’ போட்டார். தந்தையின் கடவுச்சீட்டிலும் ‘கே’தான் இருக்கிறது. இந்த வேறுபாடு எழுத்துமுறையால் வந்தது; பதிவில் பிழை எதுவும் இல்லை. எனவே இரண்டிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே எழுதி, பெயர்கள் கடவுச்சீட்டின்படி தரப்பட்டுள்ளன என்று குறிப்பிடுவது முறை. அறிவித்தவராகத் தந்தை தமிழில் இட்ட கையெழுத்து மகளின் சான்றிதழிலேயே இருக்கிறது. இருவரும் ஒருவரே என்பதற்கு அது நல்ல ஆதாரம். கையெழுத்தை வெறுமனே ‘ஒப்பம்’ என்று எழுதிவிட்டால் அந்த ஆதாரம் போய்விடும். ‘தமிழில் ஒப்பம்: கணேசலிங்கம்’ என்று எழுத வேண்டும்.

மூன்றாவது சிக்கல் வேறு வகை. பாட்டனாரின் பெயருக்கும் இப்படிவத்தில் இடம் உண்டு. மகனுடையதில் அவர் ‘வேலுப்பிள்ளை’. மகளுடையதில் வெறும் ‘வேலு’. சிங்களத்தில் ‘வேலுப்பிள்ளை’ என்று எழுத எந்தத் தடையும் இல்லை. சொன்னவர் சுருக்கிச் சொல்லியிருக்கலாம், எழுதியவர் விட்டிருக்கலாம். எப்படியானாலும் பதிவிலேயே வேறுபாடு இருக்கிறது. இதை மொழிபெயர்ப்பாளர் திருத்தக் கூடாது. ‘வேலு’ என்றே எழுதி, வேறுபாட்டை உரியவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் முடிவெடுக்க உதவும் சோதனை இதுதான். இரு தாள்களில் ஒரு பெயர் வேறுபட்டால், அதே பெயரை மற்ற எழுத்தில் எழுதினால் இப்படித்தான் வருமா என்று பார்க்க வேண்டும். வரும் என்றால், எழுத்து மாறியதால் வந்த வேறுபாடு. அதை ஒருமைப்படுத்திக் குறிப்பு எழுதலாம். வராது என்றால், பதிவில் உள்ள வேறுபாடு. அதைத் தொடக் கூடாது.

தேதியிலும் கவனம் தேவை. சிங்களத்தில் நிரப்பிய தாள்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை அடிக்கடி வரும்; மற்றவற்றில் நாள் முதலில் வரலாம். 1978.03.05 என்பது மார்ச் ஐந்து. அதையே 05.03.1978 என்று எழுதினால் அமெரிக்க அதிகாரி மே மூன்று என்று படிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் ஐயமே எழாது.

சான்றிதழைக் கொடுப்பவர் செய்ய வேண்டியவை

ஒரு குடும்பத்தின் தாள்களைத் தனித்தனியாக, ஆளுக்கொரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்காமல் ஒன்றாகக் கொடுங்கள். இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கக் குறிப்பில்தான் பெயர் மாற்றமோ திருத்தமோ பெரும்பாலும் இருக்கும். எல்லாருடைய கடவுச்சீட்டு நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பதிவிலேயே வேறுபாடு இருப்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னால், அதை மாற்றி எழுதும்படி அவரை வற்புறுத்தாதீர்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று தெரிந்தால் முழு விண்ணப்பத்தின் மீதும் சந்தேகம் விழும். முதலில் பதிவாளர் வழியாகத் திருத்தம் கேளுங்கள். அது இயலாவிட்டால் இரு பெயரும் ஒருவருக்கு உரியவை என்று சத்தியக்கடதாசி முடியுங்கள். அதன் பிறகே அந்தத் தாள் மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டும்.