எல்லாத் தளமும் எச்சரித்தால் தேதியைப் பாருங்கள்

நெடுநாள் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை இயக்குகிறீர்கள். வங்கித் தளத்தைத் திறந்தால் “Your connection is not private” என்று வருகிறது. மெயிலைத் திறந்தாலும் அதே எச்சரிக்கை, ரயில் டிக்கெட் தளத்திலும் அதே. வைரஸோ, ஹேக்கரோ என்று மனம் பதறும். ஆனால் இத்தனை தளங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. கோளாறு பெரும்பாலும் நம் பக்கம்தான். முதலில் திரையின் ஓரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள், ஆண்டையும் சேர்த்து.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். ‘இன்று’ அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் வருகிறதா என்று பிரவுசர் பார்க்கிறது. இன்று என்ன தேதி என்பதை அது கம்ப்யூட்டரின் கடிகாரத்திடம்தான் கேட்கிறது.

ஒரு தளத்தின் சான்றிதழ் 2025 ஜூன் 10 முதல் செப்டம்பர் 8 வரை செல்லும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திறப்பது ஜூலையில். உங்கள் கம்ப்யூட்டரோ 2018 ஜனவரி 1 என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கில் இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே மறுக்கிறது, NET::ERR_CERT_DATE_INVALID என்ற குறியீட்டையும் காட்டுகிறது. குரோம் சில சமயம் விஷயத்தைப் புரிந்துகொண்டு, “Your clock is behind” என்று நேராகவே சொல்லிவிடும். கேமில் கூடுதல் லைஃப் கிடைக்கட்டும் என்று போனில் தேதியை முன்னே தள்ளி, திருப்பி வைக்க மறந்தவர்களுக்கு இதே சிக்கல் மறுபக்கமாக வரும்: சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாக பிரவுசர் சொல்லும்.

கம்ப்யூட்டருக்கு ஏன் தேதி மறக்கிறது? மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கிறது. சிமோஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வகை. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். இரவில் சுவர் ஸ்விட்சையே அணைத்து வைக்கும் வீடுகளில் அதற்கு வேலை கூடுதல். தேதியைச் சரிசெய்த பிறகும், மறுநாள் மீண்டும் பழைய ஆண்டுக்கே போனால் பேட்டரி தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

இன்டர்நெட்டில் இருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளும்; அந்த வழிக்குச் சான்றிதழும் தேவையில்லை, எனவே தளங்கள் திறக்காவிட்டாலும் அது வேலை செய்யும். ஆனால் விண்டோஸில் ஒரு தடை உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் வழக்கமான அமைப்பில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் நேரச்சேவை அதைத் திருத்த மறுத்துவிடும். அதனால் முதலில் நீங்களே தேதியைக் கையால் சரிசெய்து, பிறகு “Date & time” பகுதியில் “Sync now” கொடுப்பதுதான் சரியான வரிசை.

நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். மண்டலம் அமெரிக்காவின் மேற்குக் கரையாக இருக்க, மணியை மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தால், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே கம்ப்யூட்டர் உலகப் பொதுநேரத்தில் கணக்குப் போடும்போது பதின்மூன்றரை மணி நேரம் வரை முந்திப்போயிருக்கும். சான்றிதழ்களை எடைபோடுவது அந்த நேரத்தை வைத்துத்தான்.

அதுவரை “Advanced” அழுத்தி உள்ளே போய்விடலாமா? கூடாது என்பேன். தேதி தவறிய கம்ப்யூட்டரில் நல்ல தளமும் எச்சரிக்கும், நடுவே புகுந்த போலியும் எச்சரிக்கும். எது எது என்று உங்களால் பிரிக்க முடியாது. தேதியைத் திருத்த இரண்டு நிமிடம் போதும்.

தேதி சரி, ஒரே ஒரு தளம் மட்டும் எச்சரிக்கிறது என்றால், அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. தேதி சரியாக இருந்தும் பழைய கருவியில் பல தளங்கள் எச்சரித்தால், காரணம் வேறு. சான்றிதழ் வழங்குவோரில் யாரை நம்பலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு கருவியிலும் இருக்கிறது, அது பழசாகியிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, கடிகாரம் சரியாக ஓடிய பல பழைய கருவிகளிலும் தளங்கள் திறக்க மறுத்தன. சிஸ்டத்தை அப்டேட் செய்ய வழியில்லாத கம்ப்யூட்டரில், அதில் ஓடக்கூடிய ஃபயர்பாக்ஸின் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். அது நம்பிக்கைப் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது.