ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

"கம்பெனி நிலைமை சரியில்லை. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், செட்டில்மென்டை நல்லபடியாக முடித்துத் தருகிறோம்." ஆட்களைக் குறைக்க நினைக்கும் ஆலைகளின் எச்.ஆர். அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்க இதமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், சட்டம் உங்களுக்கு வைத்திருக்கும் நோட்டீசும் இழப்பீடும் பெரும்பாலும் கைநழுவிவிடும்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினாலும் அதை ஆட்குறைப்பு என்றே சொல்கிறது. சில விலக்குகள் உண்டு. விருப்ப ஓய்வு, வயது முடிந்து ஓய்வு பெறுவது, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போவது, குறித்த காலப் பணியில் அந்தக் காலம் நிறைவடைவது ஆகியவை ஆட்குறைப்பு ஆகா. ராஜினாமாவோ தொழிலாளி தானாக விலகுவது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்துவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று வெளியேறியிருந்தார்கள். அப்படிப் போகிறவர்களுக்குப் பேரத்தில் கிடைப்பதுதான் கணக்கு. ஆட்குறைப்பு விதிகள் துணைக்கு வாரா. பேரத்தில் கூடுதலாகக் கிடைத்தால் ஏற்பதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி எவ்வளவு வரும் என்று தெரியாமல் பேரம் பேச முடியாது.

அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓசூரில் 180 பேர் வேலை செய்யும் ஒரு வாகன உதிரிபாக ஆலை. அதில் ஒரு மெஷின் ஆபரேட்டர், 7 ஆண்டு 8 மாத சர்வீஸ். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000. மீதி 15,000 வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை. ஆர்டர் குறைந்துவிட்டது என்று இவரை அனுப்ப வேண்டுமானால், நிர்வாகம் காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும், அல்லது அந்த மாதத்துக்கான ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். அரசுக்கும் தகவல் போக வேண்டும். இழப்பீடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆகவே இவருக்கு 8 ஆண்டு. ஓராண்டு தொடர் பணி இருந்தால்தான் இந்த உரிமை. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஓராண்டுதான்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு மாற்றம் இருக்கிறது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் ஊதியம் என்றால் படிகளும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கில் இவருக்கு 24,000-இல் பாதியான 12,000-ஐ எட்டால் பெருக்கி 96,000 வந்திருக்கும். புதிய தொகுப்பில் வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை ஊதியத்தில் சேராது. அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் ஊதியத்தோடு சேரும். 24,000-இல் பாதி 12,000, படிகள் 15,000. கூடுதலான 3,000 அடிப்படையோடு சேர்ந்து ஊதியம் 12,000 ஆகிறது. இழப்பீடு 6,000 வீதம் 8 ஆண்டுக்கு 48,000. சரிபாதியாகிவிட்டது!

இதே விதி பணிக்கொடையை உயர்த்துகிறது என்பதால்தான் எல்லாரும் அதைப் பாராட்டுகிறார்கள். முன்பு 9,000 அடிப்படையில் ஏறத்தாழ 41,500 ரூபாயாக இருந்த இவருடைய பணிக்கொடை, இப்போது 12,000 அடிப்படையில் ஏறத்தாழ 55,400 ஆகும். அது உண்மைதான். ஆனால் ஒரு கை கூட்டியதை விட மறு கை குறைத்தது அதிகம். படிகள் மிகுந்த சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு தொகைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பணிக்கொடைக்கு மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள், ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 15 நாள் என்பது பாதி மாதம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த ஒன்றும் உண்டு. மறுதிறன் பயிற்சி நிதி என்ற பெயரில், ஆட்குறைப்பான ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை நிர்வாகம் நிதியில் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் வந்து சேர வேண்டும். சம்பள பாக்கி முதலியன இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஆட்குறைப்பு இழப்பீடோ வேலையை விட்டு அனுப்பும்போதே தரப்பட வேண்டியது. பிறகு தருகிறோம் என்ற வாக்குறுதி போதாது. நோட்டீஸ், இழப்பீடு ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றாத ஆட்குறைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பதும் வழக்கமான விதி. மாற்றினால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஆலைக்கு அரசு அனுமதி வேண்டுமா? வேண்டாம். கடந்த 12 மாதத்தில் சராசரியாக 300 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்த ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான் முன்அனுமதி. பழைய சட்டத்தில் இந்த எல்லை 100. அன்று இதே 180 பேர் ஆலை அரசிடம் போயாக வேண்டும். இந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1976-இல் அனுமதி விதி வந்தபோது அது 300 பேருக்குத்தான் இருந்தது. 1980-களில் 100 ஆகக் குறைத்தார்கள். இப்போது மீண்டும் 300. ஐந்தாயிரம் பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்துக்கு இந்த விதி என்றைக்குமே பொருந்தாது, ஏனென்றால் அது ஆலை அல்ல.

எல்லைக்குள் வரும் ஆலை மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தின் நகல் தொழிலாளர்களுக்கும் வந்தாக வேண்டும், அவர்கள் தரப்பையும் அரசு கேட்க வேண்டும். ஆனால் 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். நகல் கையில் கிடைத்த நாளிலிருந்தே சங்கம் நாள்களை எண்ண வேண்டியது இதனால்தான். அனுமதி கேட்காமலோ, மறுக்கப்பட்ட பிறகோ செய்த ஆட்குறைப்பு சட்டவிரோதம். வேலை போகாததுபோலவே எல்லாப் பயன்களும் தொழிலாளிக்கு உண்டு. ஆலையையே மூடுவதாக இருந்தால் 90 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அங்கும் அதே 60 நாள் கணக்கு.

எல்லாருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிகள் அல்ல. பதவிப் பெயர் எதுவானாலும் நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். ஆகவே 'சூப்பர்வைசர்' என்று அடையாள அட்டையில் போட்டுவிட்டு மெஷினில் நிற்க வைத்திருந்தால், ஷிப்ட் அட்டவணை, உற்பத்திப் பதிவு போன்றவற்றின் நகல்களை வைத்துக்கொள்வது நல்லது.

தகராறு என்று வந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் தீரவில்லையென்றால் தனிநபராகவே தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சங்கம் உடன் வர வேண்டும் என்பதில்லை. நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முன்பு இதற்கு மூன்று ஆண்டு இருந்தது. சம்பளச் சீட்டுகள், வேலை நியமனக் கடிதம், வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஆலையின் கேட் மூடப்படும் முன்பே நகலெடுத்து வீட்டில் வைத்திருந்தால், 240 நாள் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டிய இடத்தில் அலைச்சல் மிச்சமாகும்.