அவசரம் வேண்டாம், விவரம் வேண்டும்

“மூணே நிமிஷத்தில் ஹெல்த் பாலிசி! பேப்பர் இல்லை, ஏஜென்ட் இல்லை, டென்ஷன் இல்லை. ஒரு நாளைக்கு வெறும் 20 ரூபாய். இன்னிக்கு நைட்டோட ஆஃபர் முடியுது!”

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் 27 வயதுக்காரருக்காக எழுதிய மருத்துவக் காப்பீட்டு விளம்பரம் இப்படித்தான் இருக்கும். இதே நிறுவனம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கான பாலிசியைத் திருநெல்வேலியில் விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “மூணே”வை “மூன்றே” ஆக்கி, படத்தில் ஒரு தாத்தாவை உட்கார வைத்தால் வேலை முடிந்துவிடுமா?

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் கண்ணால் அதைப் படித்துப் பாருங்கள். பேப்பர் இல்லையென்றால் நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பது? ஏஜென்ட் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருந்து யாரைக் கூப்பிடுவது? இன்று இரவோடு முடிகிறதென்றால், ஏன் இப்படி அவசரப்படுத்துகிறார்கள்? இளைஞருக்கு வசதியாகத் தெரிந்த ஒவ்வொன்றும் இவருக்குச் சந்தேகமாகிறது. இளைஞர் என்ன கிடைக்கும் என்று பார்க்கிறார். பெரியவரோ எதற்குக் கிடைக்காது, யார் பதில் சொல்வார்கள் என்று பார்க்கிறார். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தகவல்களின் வரிசை.

முதல் மாற்றம் விலையில். ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,300 ரூபாய். பென்ஷனில் கணக்குப் போட்டு வாழ்பவர் இந்தப் பெருக்கலை உடனே செய்துவிடுவார். நாம் மறைத்ததாகவும் நினைப்பார். ஆண்டுத் தொகையை முழுதாக எழுதுவதே நல்லது. அடுத்த கேள்வி, வருடா வருடம் ஏற்றுவார்களா என்பது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அதைச் சொல்லலாம், ‘பிரீமியம் ஏறவே ஏறாது’ என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது மாற்றம், நட்சத்திரக் குறி போட்டுக் கீழே பொடி எழுத்தில் ஒளிந்திருப்பதை மேலே கொண்டுவருவது. இந்த வயதில் பலருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதன் உச்ச வரம்பு 2024 ஏப்ரலில் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்தது. கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் தனிக் காத்திருப்பும் இருக்கிறது. இளைஞர் கவலைப்படாத இந்த வரிகள்தான் பெரியவருக்குப் பாலிசியே.

மாற்றி எழுதினால் இப்படி வரும். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்:

“60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு. ஆண்டு பிரீமியம் 38,000 ரூபாய். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் 3 ஆண்டுகள் பணம் கிடைக்காது. ஏற்கப்படும் பில்லில் 20 சதவீதம் உங்கள் பொறுப்பு. 3 லட்ச ரூபாய் பில் என்றால் நீங்கள் கட்டுவது 60,000 ரூபாய். எங்கள் கிளை அலுவலர் நேரில் வந்து விளக்குவார். வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்றால் திருப்பித் தரலாம்.”

கடைசி வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘முழுப் பணமும் வாபஸ்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ‘பிடித்தம் போக’ என்ற இரண்டு சொற்களை விட்டால், அடுத்த மாதம் புகார் வரும்.

தொனியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று பயமுறுத்துவது: “மாரடைப்பு சொல்லிக்கொண்டா வரும்?” நிதானமான வாசகர் அந்தப் பக்கத்தையே திருப்பிவிடுவார். மற்றொன்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்வது. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்குக் காப்பீடு என்றால் என்னவென்று பாடம் தேவையில்லை. கணக்கு தெளிவாக இருந்தால் போதும். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வாட்ஸ்அப்பில் பார்த்துச் சரி சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்குவதும் நல்லது.

எழுதியது சரியா என்று அறிய, அந்த வயதுக்காரர் சிலரிடம் கொடுத்து, “பிடித்திருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “இதில் எதற்கெல்லாம் பணம் வராது?” என்று கேட்க வேண்டும். “எல்லாத்துக்கும் வரும்போல இருக்கு” என்று பதில் வந்தால் மறுபடி எழுத வேண்டும். அவர் நிபந்தனைகளைச் சரியாகச் சொல்லிவிட்டு, “அப்படின்னா எனக்கு வேண்டாம்ப்பா” என்றால் வாசகத்தில் கோளாறில்லை. மாற்ற வேண்டியது பாலிசியை. அதை எழுத்தாளரால் செய்ய முடியாது, நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லத்தான் முடியும்.