பன்னிரண்டும் பன்னிரண்டும் ஒன்றல்ல

இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஃபண்ட் ஐந்து வருடங்களில் வரிசையாகக் கொடுத்த லாபம் 18, 4, 15, 7, 16 சதவீதம். இதற்கு நிதான ஃபண்ட் என்று பெயர் வைப்போம். இரண்டாவது, துள்ளல் ஃபண்ட். முதல் வருடம் 38 சதவீத லாபம், அடுத்த வருடம் 14 சதவீத நஷ்டம், பிறகு 30 லாபம், மறுபடி 10 நஷ்டம், கடைசி வருடம் 16 லாபம். கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் சராசரி 12 சதவீதம்தான். கணக்குக்காக நான் எழுதிக்கொண்ட எண்கள் இவை. ஆனால் இதே மாதிரி ஜோடிகள் சந்தையில் நிறைய உண்டு.

"ரெண்டும் பன்னிரண்டு பர்சென்ட் சார், எதுல வேணும்னாலும் போடலாம்" என்று யாராவது சொன்னால், உடனே கால்குலேட்டரை எடுங்கள். நிதான ஃபண்டில் போட்ட ஒரு லட்சம் ஐந்து வருட முடிவில் 1,75,168 ரூபாய். துள்ளல் ஃபண்டில் போட்டது 1,61,072 ரூபாய். சராசரி ஒன்றாக இருந்தும் கையில் 14,000 ரூபாய்க்கு மேல் குறைகிறது.

காரணம் எளிது. நூறு ரூபாய் 14 சதவீதம் சரிந்தால் 86 ஆகிறது. அந்த 86 திரும்ப நூறாக 14 சதவீதம் ஏறினால் போதாது, 16 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும். சரிவு ஆழமாக ஆக, மேலே வர வேண்டிய தூரம் இன்னும் நீளும். 50 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏறியாக வேண்டும். ஆகவே ஏற்ற இறக்கமே வருமானத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கூட்டு வளர்ச்சி விகிதத்தில் பார்த்தால் நிதான ஃபண்ட் கொடுத்தது 11.86 சதவீதம், துள்ளல் ஃபண்ட் வெறும் 10 சதவீதம். சராசரியைச் சொல்லி யாராவது விற்க வந்தால், கூட்டு வளர்ச்சி விகிதம் எவ்வளவு என்று கேட்பது நல்லது.

சரி, கடைசியில் கிடைக்கும் தொகையும் சமமாகவே இருந்துவிட்டால்? அப்போதும் போகிற வழி வேறு. துள்ளல் ஃபண்டில் மூன்றாம் வருட முடிவில் ஒரு லட்சம் 1,54,284 ஆகியிருந்தது. அதைப் பார்த்து மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆயிற்று என்று நினைத்திருப்பார் ஒருவர். அடுத்த வருடம், பணம் தேவைப்படும் நேரத்தில், அது 1,38,856. நிதான ஃபண்டில் அதே நாளில் 1,51,007 இருந்திருக்கும். பணத்தை எந்த வருடம் எடுக்கப்போகிறோம் என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. கல்லூரியும் மருத்துவமனையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் பிடிக்க 1966-ல் வழி சொன்னவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப். 34 மியூச்சுவல் ஃபண்டுகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அதை அவர் முன்வைத்தார். பிற்பாடு அது ஷார்ப் ரேஷியோ என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1990-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. ரிஸ்க் எதுவும் எடுக்காமலே கிடைத்திருக்கக்கூடிய வட்டிக்கு மேல் இந்த ஃபண்ட் எவ்வளவு சம்பாதித்தது? அதற்காக எவ்வளவு ஆட்டத்தைத் தாங்க வைத்தது? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஷார்ப் ரேஷியோ.

நம் ஜோடிக்கே போட்டுப் பார்ப்போம். ரிஸ்க் இல்லாத வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஃபண்டுக்கும் கூடுதல் சம்பாத்தியம் 6. ஆட்டத்தை அளப்பது ஸ்டாண்டர்டு டீவியேஷன். நிதான ஃபண்டின் ஒவ்வொரு வருட லாபமும் சராசரியான 12-லிருந்து எவ்வளவு விலகியது என்று பாருங்கள்: 6 மேலே, 8 கீழே, 3 மேலே, 5 கீழே, 4 மேலே. அவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் 150. வருடங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து நான்கால் வகுத்தால் 37.5. அதன் வர்க்கமூலம் 6.1. அதே வழியில் துள்ளல் ஃபண்டுக்கு வருவது 23.3. ஆக, நிதான ஃபண்டின் ஷார்ப் ரேஷியோ 6-ஐ 6.1-ஆல் வகுத்து 0.98. துள்ளல் ஃபண்டுக்கு 6-ஐ 23.3-ஆல் வகுத்து 0.26.

0.98, 0.26 என்றால் வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு என்ன புரியும்? ரூபாயும் இல்லை, சதவீதமும் இல்லை. இந்தக் குறையை 1997-ல் அழகாகத் தீர்த்தவர்கள் ஒரு தாத்தாவும் பேத்தியும். தாத்தா, 1985-ல் நோபல் பரிசு பெற்ற ஃபிராங்கோ மோடிக்லியானி. பேத்தி லியா மோடிக்லியானி. அவர்கள் சொன்னது, முதலில் இரண்டு ஃபண்டுகளின் ஆட்டத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு லாபத்தை ஒப்பிடு என்பதுதான்.

துள்ளல் ஃபண்டின் ஆட்டத்தைக் குறைப்பது எப்படி? பணத்தில் ஒரு பகுதியை மட்டும் அதில் போட்டு, மீதியை 6 சதவீதம் தரும் பத்திரமான இடத்தில் வைத்தால் போதும். 23.3 ஆட்டத்தை 6.1-க்கு இறக்க, நூறு ரூபாயில் சுமார் 26 ரூபாயைத்தான் துள்ளல் ஃபண்டில் வைக்க முடியும். 74 ரூபாய் பத்திரமான இடத்துக்குப் போகிறது. இந்தக் கலவையின் வருமானம் சுமார் 7.6 சதவீதம். அதாவது, ஒரே அளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மனசுள்ள இருவரில் ஒருவருக்குச் சராசரியாக 12 சதவீதம், இன்னொருவருக்கு 7.6 சதவீதம். இரண்டும் பன்னிரண்டு என்ற பேச்சு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. ஷார்ப் ரேஷியோவை விளக்க இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை.

உங்கள் ஃபண்டின் ஷார்ப் ரேஷியோவை நீங்களே போட வேண்டியதில்லை. ஃபண்ட் நிறுவனங்கள் மாதாமாதம் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில், ஸ்டாண்டர்டு டீவியேஷன், பீட்டா ஆகியவற்றின் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு ஓடும். பெரும்பாலும் மூன்று வருட மாதாந்திர வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. ரிஸ்க் இல்லாத வட்டியாக, வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரே இரவுக்குக் கடன் கொடுக்கும் மைபார் விகிதத்தை எடுத்திருப்பார்கள். அந்த வட்டி மாறினால் எண்ணும் மாறும். அதனால் ஒரு ஃபண்டின் மார்ச் மாத எண்ணை இன்னொன்றின் டிசம்பர் மாத எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஸ்மால் கேப் ஃபண்டை லார்ஜ் கேப் ஃபண்டோடு வைத்துப் பார்ப்பதிலும் அதிக அர்த்தமில்லை.

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒன்றுக்கு 0.9, இன்னொன்றுக்கு 1.0 என்று பார்த்ததும் பணத்தை மாற்றிவிடுகிறார்கள். மூன்று வருடம் என்றால் 36 மாதக் கணக்குதான். அவ்வளவு சிறிய கணக்கிலிருந்து வரும் ஷார்ப் ரேஷியோவில், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 0.6 அளவுக்கு மேலோ கீழோ பிசகு இருக்கலாம் என்பது புள்ளியியல் கணக்கு. 0.1 வித்தியாசத்தை நம்பி எக்ஸிட் லோடும் வரியும் கட்டுவது வீண் செலவு. நம் ஜோடியைப்போல 0.98-க்கும் 0.26-க்கும் இடையே உள்ள இடைவெளியைக்கூட, ஐந்து வருடக் கணக்கை மட்டும் வைத்து முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். அதே வித்தியாசம் வெவ்வேறு மூன்று வருடத் துண்டுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தால் நம்பலாம்.

சந்தை படுத்த காலத்தில் இன்னொரு விபரீதம் நடக்கும். இரண்டு ஃபண்டும் சராசரியாக 3 சதவீதம்தான் கொடுத்தன, பத்திரமான வட்டியோ 6 சதவீதம் என்று வையுங்கள். இப்போது நிதான ஃபண்டின் ஷார்ப் ரேஷியோ மைனஸ் 0.49, துள்ளல் ஃபண்டுக்கு மைனஸ் 0.13. எண்ணை மட்டும் பார்த்தால் துள்ளல் ஃபண்டுதான் உசத்தி! கழித்தால் வரும் எண் மைனஸாகிவிட்டால், ஆட்டம் அதிகமாக இருப்பதே நல்லது என்று இந்தக் கணக்கு சொல்லத் தொடங்கிவிடும். மைனஸில் இருக்கும் இரண்டு ஷார்ப் ரேஷியோக்களை ஒப்பிடவே கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, மிக நல்ல எண்ணில் ஒளிந்திருக்கிறது. பங்கின் விலை பங்குச் சந்தை திறந்திருக்கும் நாளெல்லாம் அசைகிறது. ஆனால் தரக்குறைவான கம்பெனிகளின் கடன் பத்திரங்கள் பலவும் அபூர்வமாகத்தான் கைமாறுகின்றன. கைமாறாத பத்திரத்துக்கு மதிப்பீட்டு முறைப்படி ஒரு விலை குறிக்கப்படும், வட்டி சேரச் சேர என்.ஏ.வி. படிக்கட்டுபோல் ஏறும். ஆட்டம் குறைவு, வட்டி அதிகம். வகுத்தால் ஷார்ப் ரேஷியோ அருமையாக வரும். அந்த ஃபண்டில் ரிஸ்க் இருக்கத்தான் செய்கிறது. விலையில் மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

2020-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் விஷயத்தில் இதை நாடே பார்த்தது. அந்த வருட ஜனவரியில், வோடஃபோன் ஐடியா கடன் பத்திரங்களின் மதிப்பைப் பூஜ்யமாகக் குறைத்தபோது, அவற்றை வைத்திருந்த திட்டங்களின் என்.ஏ.வி. ஒரே நாளில் சரிந்தது. ஏப்ரல் 23 அன்று, கொரோனா ஊரடங்கு நேரத்தில், பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் பெருக, ஆறு கடன் பத்திரத் திட்டங்களை நிறுவனம் மூடுவதாக அறிவித்தது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முடங்கியது. அதில் ஒன்று அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட். அவசரத்துக்கு எடுக்கலாம் என்று வைத்த பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாமல்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்டிடம் வந்தது. பணம் தவணை தவணையாகத் திரும்பக் கிடைத்தது உண்மை. ஆனால் காத்திருந்த காலத்தை எந்த ஸ்டாண்டர்டு டீவியேஷனும் முன்கூட்டிக் காட்டவில்லை.

ஆகவே, பங்கு ஃபண்டுகளில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஏறக்குறைய ஒரே லாபம் கொடுத்திருந்தால், ஷார்ப் ரேஷியோ அதிகமாக உள்ளதைத் தயங்காமல் எடுக்கலாம், வித்தியாசம் பெரிதாகவும் பல காலத் துண்டுகளில் தொடர்வதாகவும் இருந்தால். கடன் பத்திர ஃபண்டாக இருந்தால், அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதே ஃபேக்ட் ஷீட்டில், அது வாங்கி வைத்திருக்கும் பத்திரங்களின் தர மதிப்பீட்டுப் பட்டியலைப் படியுங்கள். ஏஏஏ தரத்துக்குக் கீழே எவ்வளவு பணம் கிடக்கிறது என்பது அதில் இருக்கும்.