190 ரூபாய் தள்ளி நின்ற கட்டம்

சம்பளம் திருத்தப்பட்ட பிறகு வரும் அரியர் தொகை வங்கிக் கணக்கில் விழுந்ததும் ஆசிரியர் அறையில் முதலில் நடப்பது ஒப்பீடுதான். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த இருவரில் ஒருவருக்குக் கூடவும் மற்றவருக்குக் குறையவும் வந்திருந்தால், குறைந்தவர் அன்றே வெள்ளைத்தாளை எடுத்துவிடுவார். "எனக்கு நிலுவை குறைவாக வந்துள்ளது, சரிபார்த்துத் தரவும்" என்று ஒரே வரி. அப்படிப்பட்ட கடிதம் பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும். அலுவலக உதவியாளருக்கு எங்கே தேடுவது என்றே அதில் சொல்லப்படவில்லையே!

தமிழக அரசின் 2017 ஊதியத் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 11.10.2017 அன்று வெளியான அரசாணை எண் 303, புதிய ஊதியத்தை 1.1.2016 முதல் கருத்தியலாக நிர்ணயித்தது. பணப்பயன் கிடைத்ததோ 1.10.2017 முதல்தான். இடைப்பட்ட 21 மாதங்களுக்கு ஒரு ரூபாய்கூட நிலுவை கிடையாது. இதை அறியாமல் 2016 ஜனவரியிலிருந்து கணக்குப் போட்டு மனு எழுதினால், மறுப்புப் பதில்தான் வரும். ஆனால் அந்த 21 மாதங்களில் வந்த ஆண்டு ஊதிய உயர்வுகள் கணக்கில் சேர வேண்டும். கையில் காசு வராவிட்டாலும் ஊதியம் ஏறியிருக்க வேண்டும். பிழைகள் ஒளிந்திருப்பதும் இந்த இடத்தில்தான்.

ஒரு பட்டதாரி ஆசிரியரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 31.12.2015 அன்று அவருடைய அடிப்படை ஊதியம் 12,400 ரூபாய், தர ஊதியம் 4,600, மொத்தம் 17,000. அதை 2.57 ஆல் பெருக்கினால் 43,690. அவருக்குரிய லெவல் 16 அட்டவணையில் அந்தத் தொகை இல்லை. 43,500 இருக்கிறது, அதற்கு அடுத்து 44,800 இருக்கிறது. விதிப்படி, சமமான தொகை இல்லையென்றால் அடுத்த உயர் கட்டத்தில்தான் நிர்ணயிக்க வேண்டும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு 190 ரூபாய் மட்டுமே வித்தியாசமுள்ள 43,500 நெருக்கமாகத் தெரியும். அதை எழுதிவிட்டால் தவறு அன்றோடு முடிவதில்லை.

அவருக்கு ஜூலையில் ஊதிய உயர்வு. சரியான கணக்கில் 2016 ஜூலையில் 46,100, 2017 ஜூலையில் 47,500. தவறான கணக்கில் 44,800, பிறகு 46,100. ஆக 1.10.2017 அன்று மாதத்துக்கு 1,400 ரூபாய் குறைகிறது. 5 சதவீத அகவிலைப்படியோடு அது 1,470. அகவிலைப்படி 2018 ஜனவரியில் 7, ஜூலையில் 9 சதவீதம் ஆனது. எனவே முதல் மூன்று மாதங்களுக்கு 4,410, அடுத்த ஆறு மாதங்களுக்கு 8,988, அதற்கடுத்த மூன்று மாதங்களுக்கு 4,578. ஓராண்டில் மட்டும் 17,976 ரூபாய்! (2018 ஜூலை ஊதிய உயர்வுக்குப் பிறகும் அதே 1,400தான் வித்தியாசம்.) வீட்டு வாடகைப்படி தமிழகத்தில் ஊதிய வரம்புக்கேற்ற நிலையான தொகை என்பதால், ஊதியம் வரம்பைத் தாண்டினால் மட்டுமே அதில் மாற்றம் வரும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியர் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, எனது ஊதியம் 1.1.2016 அன்று ரூ.43,500 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. பழைய ஊதியம் ரூ.17,000ஐ 2.57ஆல் பெருக்க ரூ.43,690 வருகிறது. அரசாணை எண் 303இன்படி அடுத்த கட்டமான ரூ.44,800இல் நிர்ணயிக்க வேண்டும் எனக் கருதுகிறேன். பணிப்பதிவேட்டையும் ஊதிய நிர்ணயப் படிவத்தையும் சரிபார்த்து, வித்தியாச நிலுவையைப் பெற்றுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பெற வேண்டியது, பெற்றது, வித்தியாசம் என மாதவாரியான பட்டியல் இணைத்துள்ளேன்."

இதைப் படிக்கும் உதவியாளர் எஸ்.ஆர். புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்தால் போதும். எழுதும் முன் ஆசிரியரும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: புதிய ஊதியத்துக்கு 1.1.2016 அன்றே மாறினாரா, அடுத்த ஊதிய உயர்வு நாளில் மாறுவதாக விருப்பம் கொடுத்தாரா? இரண்டாவதென்றால் கணக்கு முழுதும் வேறு. 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவரென்றால், நிலுவையிலும் 10 சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் போகும். 17,976இல் 1,798 குறைந்து வந்தால் அது பிழையல்ல.

கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது அவசியம். நிலுவை வந்துவிட்டதென்று அமர்ந்துவிடாமல், பணிப்பதிவேட்டில் 44,800 என்ற திருத்தம் கையொப்பத்துடன் ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த ஜூலையின் உயர்வு மறுபடியும் பழைய 43,500இன் வழியிலேயே போடப்படும்.