ஒரு கிளாஸ் டீக்கு என்ன செலவாகிறது?

கடையில் ஒரு டீ பதினைந்து ரூபாய், வீட்டில் போட்டால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், பலர் டீத்தூள் பாக்கெட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்து கேஸ். இரண்டுமே கணக்கில் சின்னத் தொகைகள்தான். ஒரு டம்ளரை எடுத்துப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். நான் சொல்கிற விலைகளின் இடத்தில் உங்கள் தெருவில் விற்கிற விலையை வைத்துக்கொள்ளுங்கள். வழி ஒன்றுதான்.

150 மில்லி டீ வேண்டும். 100 மில்லி பாலும் 70 மில்லி தண்ணீரும் வைத்தால், கொதித்து ஆவியாவதும் தூள் உறிஞ்சிக்கொள்வதும் போக அந்த அளவுக்கு வரும். அரை லிட்டர் பால் பாக்கெட் 22 ரூபாய் என்றால் 100 மில்லிக்கு 4 ரூபாய் 40 காசு. கால் கிலோ டீத்தூள் 100 ரூபாய் என்றால் ஒரு கிராம் 40 காசு. ஒரு டம்ளருக்கு மூன்று கிராம், அதாவது டீஸ்பூனில் சமமாக ஒன்று போட்டால் 1 ரூபாய் 20 காசு. சர்க்கரை கிலோ 45 என்றால் பத்து கிராமுக்கு 45 காசு.

இனி கேஸ். இங்கேதான் ஆளாளுக்கு ஒரு ஊகம் வைத்திருப்பார்கள். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. சென்னையில் 2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பிறகு அதன் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. கொண்டுவந்து போடுபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்து 900 என்று வைத்தால், கிலோ 63 ரூபாய் சொச்சம், கிராம் ஆறு காசுக்குச் சற்று மேல். அடுப்பின் சின்ன பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 100 கிராம் எரிக்கும். ஒரு டம்ளர் டீக்கு ஐந்து நிமிடம் என்றால் எட்டு கிராம், ஐம்பது காசு. நான்கு பேருக்குச் சேர்த்துப் போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், தலைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து காசுதான் விழும். தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நக்கினால் அந்தச் சூடு காற்றுக்குத்தான் போகிறது. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆக மொத்தம் 6 ரூபாய் 55 காசு. இதில் மூன்றில் இரண்டு பங்கு பால். தூளும் சர்க்கரையும் கேஸும் சேர்ந்து இரண்டே கால் ரூபாயைத் தாண்டவில்லை.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கால் கிலோ 80 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று மாறினால் கிராம் 32 காசுதான். ஆனால் அதே நிறமும் திடமும் வர நாலரை கிராம் போட வேண்டியிருந்தால், டம்ளருக்கு 1 ரூபாய் 44 காசு ஆகிவிடும். விலை குறைந்த தூள்தான் அதிகச் செலவு வைத்தது. இதைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். தீர்ந்த அன்று, இடையில் எத்தனை டம்ளர் போட்டோம் என்று பார்த்து விலையை வகுங்கள். சிந்தியது, விருந்தாளிக்குத் தாராளமாகப் போட்டது எல்லாம் அதில் வந்துவிடும் என்பதால் இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

இப்போது கடை கிளாஸ். 6.55-ஐ 15-இலிருந்து கழித்தால் கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. இரண்டும் ஒரே அளவு இல்லை. கடை கிளாஸில் மேலே நுரை நிற்கும். மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுவதில் வருவது அது. நுரை அடங்கியபின் நிற்கிற டீ எவ்வளவு? அதே அளவுள்ள கிளாஸ் வீட்டில் இருந்தால், டீ நின்ற மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இருமல் மருந்தோடு வரும் மில்லிக் கோடு போட்ட மூடியால் அளந்துவிடலாம். 90 மில்லி என்று வைத்துக்கொள்வோம். வீட்டு டீயில் 90 மில்லிக்கு 3 ரூபாய் 93 காசு. அதாவது கடை கிளாஸ் ஒன்றில் ஏறத்தாழ 11 ரூபாய் வித்தியாசம். எட்டரை ரூபாய் இல்லை.

இதைக் கேட்டுக் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று கிளம்பிவிடக் கூடாது. அவர் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரில் கிலோ விலை வீட்டு சிலிண்டரைவிட நன்றாகவே அதிகம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாய்லர் சூடாக இருக்க வேண்டும். மாஸ்டர் சம்பளம், கடை வாடகை, கிளாஸ் கழுவ ஆளும் தண்ணீரும் அந்தப் பதினொன்றுக்குள்தான் இருக்கின்றன. பொருள் செலவு எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றவை எனக்கு இல்லை, அவருக்கு இருக்கின்றன.

வீட்டு டீ எப்போதுமே மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. என் அண்ணன் மகள் வேலை நிமித்தம் தனி அறையில் இருக்கிறாள், ஃபிரிட்ஜ் கிடையாது. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். "சித்தப்பா, நானே போட்டுக் குடிக்கிறேன், ஆனா காசு ஒண்ணும் மிச்சமாகலையே" என்றாள். அவள் கணக்கைப் பிரித்தால் காரணம் தெரிந்துவிடுகிறது. அரை லிட்டர் பாக்கெட்டில் 200 மில்லி டீக்குப் போகிறது, மீதி 300 மறுநாள் காலைக்குள் திரிந்துவிடுகிறது. பால் விலை 22 ரூபாயும் இரண்டு டம்ளர்மேல்தான் விழுகிறது, ஒன்றுக்குப் பதினொன்று. மாலை வரை தாங்குவதற்காகப் பாக்கெட் முழுவதையும் காய்ச்சுகிற கேஸும் சேர்ந்தால் ஒரு டம்ளர் 13 ரூபாய் சொச்சம். அளவு கடையைவிடப் பெரியது, உண்மை. ஆனால் ஒரு வேளைக்குக் கடை கிளாஸ் அளவே போதும் என்கிற நாளில், கடைக்குப் போவதற்கும் இதற்கும் இரண்டு ரூபாய்தான் வித்தியாசம். பாத்திரம் கழுவுவது வேறு.

அவளுக்கு இரண்டு வழி இருக்கிறது. காய்ச்சிய பாலில் மாலைக்கு 100 மில்லியை எடுத்து வைத்துவிட்டு, மீதியை வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறை குத்திவிட்டால், 300 மில்லியும் தயிராகிவிடும். எப்படியும் அவள் கடையில் தயிர் வாங்குகிறாள், அந்தச் செலவு நிற்கும், டீக்கான பால் பழையபடி 4 ரூபாய் 40 காசுக்கு வந்துவிடும். தயிர் வேண்டாம் என்றால் பால் பவுடர். 100 மில்லிப் பாலுக்குப் பன்னிரண்டரை கிராம் பவுடர் தேவை. கிலோ 480 ரூபாய் என்றால் அது ஆறு ரூபாய். பாக்கெட் பாலைவிட விலை கூடுதல்தான், ஆனால் கொட்டுவதற்கு எதுவும் இல்லை, டம்ளர் 8 ரூபாய் 15 காசில் நிற்கும். ருசியில் கொஞ்சம் குறையும், அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் விலையேற்றச் செய்தி வரும்போது எதைத் திருத்துவது என்று தெரியும். சிலிண்டர் 50 ரூபாய் ஏறினால் ஒரு டம்ளர் டீயில் மூன்று காசு கூடுகிறது. அரை லிட்டர் பால் ஒரே ஒரு ரூபாய் ஏறினால் இருபது காசு.